உராய்வுக்கு ஏன் வில்லன் வேடம்?

2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. அதன் பிறகு தொடக்கப் பள்ளிகளில் கதையும் ஆட்டமும் பாடத்தோடு கலந்துவிட்டன. ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு உராய்வைச் சொல்லவும் ஒரு கதை தயாராகக் கிடைக்கிறது. காட்டு விலங்குகள் பலகையில் சறுக்கி விளையாடுகின்றன. சொரசொரப்பு என்ற பூதம் எல்லோரையும் பாதி வழியில் பிடித்து நிறுத்துகிறது. குண்டு யானையைக் கூடுதலாகவே பிடிக்கிறது. குட்டி அணில் எண்ணெயைக் கண்டுபிடிக்க, பூதம் ஓடிப்போகிறது.

கதையில் சரக்கு இருக்கிறது. அணில் முதலில் இலையைப் போட்டுப் பார்க்கிறது, அடுத்து மணலைத் தூவிப் பார்க்கிறது. தோற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஆசிரியர் கதையை நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்கலாம். விசை என்ற சொல்லே தெரியாத பிள்ளையும் துணிந்து பதில் சொல்லும்.

சிக்கல் யானையிடம் தொடங்குகிறது. ஒரு மீட்டர் பலகையின் நுனியில் காலித் தீப்பெட்டியை வைத்து, அந்த நுனியை மெல்லத் தூக்குங்கள். 30 செ.மீ. உயரத்தில் பெட்டி நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பெட்டிக்குள் நாணயங்களை நிரப்பிப் பாருங்கள். ஏறக்குறைய அதே உயரத்தில்தான் அதுவும் நகரும். எடை கூடினால் உராய்வு கூடும், உண்மைதான். ஆனால் கீழே இழுக்கும் விசையும் அதே அளவில் கூடிவிடுகிறது. யானையைப் பூதம் தனியாகப் பிடிப்பதாகச் சொல்லும் கதை, பிள்ளை பலகையிலேயே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றைத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது.

எண்ணெயும் காலை வாரும். அட்டைப் பெட்டி எண்ணெயை உறிஞ்சிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். லேசான பெட்டி என்றால் சொல்லவே வேண்டாம். அணிலின் வெற்றியை வகுப்பில் செய்துகாட்டப் போகும் ஆசிரியர் மானம் போய் நிற்க வேண்டியதுதான். கேரம் போர்டு பவுடர் என்றால் பிரச்சினை இல்லை.

பெரிய குறை பூதமேதான். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கம்பி உருட்டும் ரோலிங் மில்கள் உண்டு. ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்து சிவந்த இரும்புக் கட்டையை, எதிரெதிராகச் சுழலும் இரண்டு ரோலர்கள் கவ்வி உள்ளே இழுக்கின்றன. இழுப்பது உராய்வுதான். அது போதாவிட்டால் ரோலர் சுற்றிக்கொண்டே இருக்கும், கட்டை வாயிலேயே வழுக்கி நிற்கும். அதற்காகவே முதல் கட்ட ரோலர்களின் மேல் வேண்டுமென்றே வெட்டு போடுவதும் உண்டு. அதே ரோலரைத் தாங்கும் பேரிங்கில் உராய்வு ஆகாது. அங்கே கிரீஸோ எண்ணெயோ தேவை. ஒரே எந்திரத்தில் ஓரிடத்தில் வேண்டியது, கைக்கெட்டும் தூரத்தில் வேண்டாததாகிறது. அப்பா ஷிப்டுக்குப் போய்வரும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாதியை மறைக்கிற கதையை நான் அரைக்கதை என்றே சொல்வேன்.

இதற்காகக் கதையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பூதத்தை எடுத்துவிட்டு, ஒரு காட்சி சேர்த்தால் போதும்: எண்ணெய் தடவிய பலகையில் எல்லோரும் சர்ரென்று இறங்கிவிட்டார்கள், மறுபடி சறுக்க அதே பலகையில் மேலே ஏற வேண்டும், யாராலும் முடியவில்லை. அணில் முன்பு தோற்றுப்போன அந்த மணலைத் தேடிப் போகட்டும்.