புள்ளியும் கோடும்

கடல் வணிகம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ஒரு வரைபடம் திரும்பத் திரும்ப வருகிறது. தென்னிந்தியாவில் ரோமானியக் காசுகள் கிடைத்த ஊர்களைப் புள்ளிகளாக வைத்து, முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் வரை ஒரு கோடு இழுத்திருப்பார்கள். படத்துக்குக் கீழே ஒரு வாக்கியம்: “வணிகம் எந்த வழியாக நடந்தது என்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும்.” பார்த்தால் தெரியாது என்பதுதான் என் வாதம். கைப்பேசியில் படிக்கிறவருக்கு அந்தப் படம் நகம் அளவுக்குத்தான் தெரியும், அது ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிதாக்கிப் பார்த்தாலும், புள்ளி என்றால் என்ன என்று கட்டுரை சொல்லாதவரை அங்கே சான்று என்று எதுவும் இல்லை.

புதுக்கோட்டைப் புள்ளியை எடுத்துக்கொள்வோம். 1898இல் அங்கே கிடைத்தது 501 பொற்காசுகள் கொண்ட புதையல். வரைபடத்தில் அது ஒரே ஒரு புள்ளி. வயலில் தனியாகக் கிடைத்த ஒற்றை வெள்ளிக்காசும் அதே அளவு புள்ளிதான். அந்த 501இல் பெரும்பாலானவற்றில் அரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டியிருக்கிறார்கள். இனி இது செல்லுபடியாகும் நாணயம் அல்ல, வெறும் தங்கம் என்று யாரோ முடிவு செய்த மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் அந்தப் புள்ளி வணிகன் நடந்துபோன இடத்தைக் காட்டவில்லை, பொன் வந்து தங்கிவிட்ட இடத்தைக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

காலத்திலும் இதே சிக்கல் உண்டு. அந்தப் புதையலில் அகஸ்டஸ் காலத்துக் காசும் இருக்கிறது, கடைசியாக வெஸ்பாசியன் காசும் இருக்கிறது. வெஸ்பாசியன் ஆட்சிக்கு வந்தது கி.பி. 69இல். ஆகவே எவ்வளவு சீக்கிரம் புதைத்திருந்தாலும் அதற்குப் பிறகுதான். அகஸ்டஸ் காசை மட்டும் பார்த்து “அகஸ்டஸ் காலத்தில் புதுக்கோட்டையோடு வணிகம்” என்று எழுதினால் ஐம்பது அறுபது வருஷம் நழுவிவிடும். வெள்ளிக்காசுகளில் இது இன்னும் மோசம். நீரோ கி.பி. 64இல் காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். அதன் பிறகும் பழைய நல்ல வெள்ளியைத் தேடிப்பிடித்து இங்கே அனுப்பியிருக்க முடியும். காசில் பொறித்த முகம் அச்சடித்த காலத்தைத்தான் சொல்லும், கப்பல் ஏறிய காலத்தை அல்ல.

இனி புள்ளியே இல்லாத இடங்கள். மார்ட்டிமர் வீலர் 1954இல் வெளியிட்ட நூலில் இந்தியாவில் காசு கிடைத்த இடங்களாக 68ஐக் கணக்கிட்டார். அவற்றில் 57 விந்தியத்துக்குத் தெற்கே. இந்த எண்ணை மட்டும் எடுத்துப்போட்டு “ரோம் தெற்கோடுதான் வணிகம் செய்தது” என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் வடக்கே குஷானர்கள் சொந்தமாகப் பொற்காசு அடித்தார்கள், வந்த ரோமானியத் தங்கத்தை அதற்காக உருக்கியிருக்கலாம் என்ற விளக்கமும் வெகுநாளாக இருக்கிறது. அது சரியென்றால் வடக்கின் வெறுமை வணிகம் இல்லாததைக் காட்டவில்லை, உலைக்களம் இருந்ததைக் காட்டுகிறது. நம் ஊரிலும் ஏர் ஓட்டும்போது கிடைத்த காசு எல்லாமா கலெக்டரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்? நேரே தட்டானிடம் போனதற்கு எந்த வரைபடத்திலும் புள்ளி கிடையாது. அரிக்கமேட்டையே பாருங்கள். 1945இல் வீலர் அதற்குக் காலம் கணித்தது இத்தாலியச் சிவப்புப் பானையோடுகளை வைத்து. காசை மட்டும் நம்பினால் அந்தத் துறைமுகத்தின் முக்கியத்துவம் நமக்குத் தெரியவே தெரியாது.

அப்போது அந்தக் கோடு? அது கட்டுரையாளர் போட்டது. தப்பு என்று சொல்லவில்லை, கணவாய் வழி இயல்பான வழிதான். ஆனால் அதற்கு ஆதாரம் வேறிடத்திலிருந்து வரவேண்டும். கொடுமணலில் மணி செய்த பட்டறைகள் அகழ்வில் வெளிப்பட்டிருக்கின்றன, பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் கிடைத்திருக்கிறது, கரூரைச் சேரரின் ஊராக தாலமி குறிப்பிடுகிறார். இவற்றைச் சொன்ன பிறகு கோட்டை இழுத்தால் வாசகர் கூடவே வருவார்.

நானாக இருந்தால் அந்தப் படத்தின் கீழ் இப்படி எழுதுவேன்: “ஒவ்வொரு புள்ளியும் காசு கிடைத்ததாகப் பதிவான ஓர் ஊர், காசின் எண்ணிக்கை கணக்கில் இல்லை. கோடு என் ஊகம். கொடுமணலையும் படியூரையும் வைத்துப் போட்டது.” கம்பீரம் கொஞ்சம் குறையும்தான். ஆனால் இதற்குப் பிறகுதான் படம் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறது: கொங்குப் பக்கம் இத்தனை வெள்ளி ஏன் மண்ணிலேயே தங்கிவிட்டது, புதைத்தவர்கள் ஏன் திரும்பி வந்து எடுக்கவில்லை?