கழிக்கப்பட்ட எழுபத்து நான்கு ரூபாய்

எங்கள் ஊர் வாசிப்பு வட்டத்தில் அண்மையில் இன்னும் அச்சேறாத ஒரு சிறுகதையை எடுத்துப் பேசினோம். ஓய்வுபெற்ற கணித டீச்சர் ஒருவர் தன் ஓய்வூதியக் கணக்கில் விளங்காத ஒரு கழிப்பனவைக் காண்கிறார்; அது என்னவென்று கேட்கிறார். கதை இவ்வளவுதான். ஓய்வூதியரைப் பற்றி நாம் வாசிக்கும் கதைகள் பெரும்பாலும் தனிமையிலும் மருந்துப் போத்தலிலும் முடிந்துவிடும். இந்தக் கதையின் பலமோ அதன் கணக்கில் இருக்கிறது.

2025 ஏப்ரல் மாதத்தில் கழிந்த தொகை 74 ரூபாய் 20 சதம். வங்கி அட்டை மருமகனின் கையில் இருப்பதால் டீச்சரின் சந்தேகம் முதலில் அவர்மேல் போகிறது. இரண்டு நாள் அவரோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. மூன்றாம் நாள்தான் சதத்தைக் கவனிக்கிறார். காசு இயந்திரம் தாள்தானே தரும், 20 சதம் தருமா? மருமகனைக் காப்பாற்றுவது அந்த 20 சதம்தான். அவருடைய நல்ல குணத்தைப் பற்றி எழுத்தாளர் ஒரு வரியும் எழுதவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து ஓய்வூதியத்திலேயே வெட்டியிருப்பார்களோ என்று நினைக்கிறார். அப்படி வெட்டினால் எஞ்சிய தொகைதான் வங்கிக்கு வரும். வங்கிப் புத்தகத்தில் தனி வரியாக விழாது. இதுவோ தனி வரி. அப்படியானால் வெட்டியது வங்கி. கட்டணமா? கட்டணம் மாதத்துக்கு மாதம் மாறாதே. மார்ச்சில் 36 ரூபாய் 40 சதம், ஏப்ரலில் 74 ரூபாய் 20 சதம், மே மாதத்தில் 71 ரூபாய் 50 சதம். பிறகுதான் அவருடைய கண் மேல்வரிக்குப் போகிறது. அங்கே அந்தந்த மாத வட்டி இருக்கிறது: 728, 742, 715. மார்ச்சில் இருபதில் ஒன்று, ஏப்ரலிலிருந்து சரியாகப் பத்தில் ஒன்று.

இது கற்பனைக் கணக்கல்ல. வட்டியில் நிறுத்திவைக்கும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. கதை அதைப் பாடமாக நடத்தவில்லை. டீச்சர் பென்சிலால் வகுத்துப் பார்க்கும்போது நாமும் கூடவே வகுக்கிறோம்.

கதையின் உயிரான இடம் வங்கிக் கவுண்டர். டீச்சர் வட்டியைத் தொடுவதில்லை. வருசக் கடைசியில் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடுகிறவர். "அது சிஸ்டம் கழிக்கிது டீச்சர், சின்னத் தொகைதானே" என்கிறான் கவுண்டரில் இருக்கும் பொடியன். அவர் சொல்கிறார்: "இந்தக் காசு எனக்கு வேணாம் தம்பி. ஆனா யாரு வெட்டுற, ஏன் வெட்டுற எண்டு சொல்லோணும்." தனக்கு வேண்டாத காசுக்காக ஒருவர் கேள்வி கேட்கும்போது, ஆசைப்பட்டுக் கேட்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. கேள்வி மட்டும் தனியே நிற்கிறது. நம் வாசகருக்கு இந்த இடம் இன்னும் ஆழமாகப் படும்.

குறை இதன் பிறகு வருகிறது. முகாமையாளர் டீச்சரிடம் படித்தவராம். எழுந்து வந்து நாற்காலி போட்டு, ஒரு படிவத்தைக் கொடுக்கிறார். படிவம் உண்மையில் இருப்பதுதான்: வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் சுயபிரகடனம் கொடுத்தால் வங்கி இந்த வரியைப் பிடிக்காது. டீச்சரின் ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் அந்த எல்லையின் பாதியைத் தொடாது. ஆனால் கதை இங்கே அவசரப்படுகிறது. படிவத்தை ஒவ்வொரு வரியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வெட்டியது வங்கியின் கையில் இல்லை. இறைவரித் திணைக்களத்துக்குப் போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்கும் வழி வேறு, அலைச்சலும் வேறு. கதையிலோ முகாமையாளர் "எல்லாம் சரி டீச்சர்" என்றதும் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. நாற்காலியும் படிவமும் பழைய மாணவன் செய்த மரியாதையாகப் போய்விடுகின்றன. அந்தப் படிவம் டீச்சரின் உரிமை என்பது மங்கிவிடுகிறது.

வரிசையில் டீச்சருக்குப் பின்னால் வங்கிப் புத்தகத்தைச் சுருட்டிப் பிடித்தபடி ஒரு முதியவரை எழுத்தாளர் நிறுத்தியிருக்கிறார். அவருடைய வட்டியிலும் பத்தில் ஒன்று போகிறது. அவரிடம் படித்தவர் யாரும் அந்த வங்கியில் இல்லை. டீச்சர் அவரைக் கடந்து வெளியே போகிறார்; கதை முடிகிறது. திருத்தி எழுதும்போது முகாமையாளரை எடுத்துவிட்டு, டீச்சரை அந்த முதியவர் பக்கம் திருப்பி, கையிலுள்ள பென்சிலை ஒருமுறை எடுக்கவைத்தால் போதும்.