a-யும் இல்லை, b-யும் இல்லை: விடை π

கல்முனையில் உயர்தர இணைந்த கணிதம் படிப்பிக்கும் எனக்கு, தொகையிடலில் ஒரு கணக்கின் மேல் தீராத காதல் உண்டு. ஒவ்வொரு வருடமும் மஃரிபுக்குப் பிந்திய வகுப்பில் அது வரும் நாளுக்காகக் காத்திருப்பேன். கரும்பலகையில் இவ்வளவுதான் எழுதுவேன்:

∫ dx / √((x − a)(b − x)), எல்லைகள் a முதல் b வரை, a < b.

பார்த்தவுடன் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்க நியாயமும் இருக்கிறது. வர்க்கமூலம் கீழே கிடக்கிறது. x ஆனது a-ஐத் தொட்டாலும் b-ஐத் தொட்டாலும் கீழே பூச்சியம் வருகிறது. வரைபை வரைந்தால் இரண்டு முனைகளிலும் கோடு வானத்துக்குப் போகிறது. அதன் கீழே முடிவுள்ள பரப்பு இருக்கும் என்று யார் நம்புவார்?

இப்போது பிரதியீடு: x = a cos²θ + b sin²θ. இதைப் போட்ட மாத்திரத்தில் நடப்பதைப் பாருங்கள். x − a என்பது (b − a) sin²θ ஆகிறது. b − x என்பது (b − a) cos²θ ஆகிறது. இரண்டும் வர்க்கங்கள்! பெருக்கி மூலம் எடுத்தால் (b − a) sinθ cosθ. மேலே dx = 2(b − a) sinθ cosθ dθ. முனைகளில் நம்மைப் பயமுறுத்திய அந்தப் பூச்சியம் மேலும் கீழும் ஒன்றாக வந்து வெட்டுப்பட்டுப் போகிறது. மிஞ்சுவது 2 dθ மட்டும்தான். x = a ஆகும்போது θ = 0; x = b ஆகும்போது θ = π/2. விடை π.

ஒரு தடவை பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "சேர், விடையில a-யும் இல்ல, b-யும் இல்லயே! எங்க போன?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நான் இந்தக் கணக்கையே போடுகிறேன். 2-க்கும் 8-க்கும் இடையில் தொகையிட்டாலும் π, 0-க்கும் ஆயிரத்துக்கும் இடையில் தொகையிட்டாலும் அதே π. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லத்தான் தோன்றுகிறது!

எங்கே போயின என்பதற்குச் சாதாரண தரத்து வட்டக் கேத்திரகணிதமே பதில் வைத்திருக்கிறது. 2-ஐ A என்றும் 8-ஐ B என்றும் குறித்து, AB-ஐ விட்டமாகக் கொண்டு ஓர் அரைவட்டம் வரையுங்கள். மையம் 5, ஆரை 3. AB மேல் x என்ற புள்ளியில் நேரே மேலே ஏறி வட்டத்தைத் தொடும் புள்ளி P. அந்த ஏற்றத்தின் உயரம்தான் √((x − 2)(8 − x)). நாம் வில்லன் என்று நினைத்த வர்க்கமூலம் வெறும் செங்குத்து உயரம்! அரைவட்டக் கோணம் செங்கோணம் என்பதால் APB ஒரு செங்கோண முக்கோணி. அதில் B-யில் இருக்கும் கோணமே நமது θ. மையத்தில் எதிரமைக்கும் கோணம் பரிதியில் உள்ளதைப் போல் இருமடங்கு அல்லவா? ஆகவே தொகையீடு தரும் 2θ என்பது A-யிலிருந்து P வரை மையத்தில் திரும்பிய கோணம். A-யிலிருந்து B வரை போனால் அரைவட்டம், π. வட்டம் சின்னதோ பெரிதோ, அரைச்சுற்று அரைச்சுற்றுத்தான். a-யும் b-யும் வட்டம் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதை மட்டுமே சொல்கின்றன. திரும்பும் கோணத்தில் அவற்றுக்கு வேலை இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது இதன் அடுத்த பக்கம். தூய கணிதம் முதலாம் தாள், பிரயோக கணிதம் இரண்டாம் தாள் என்று பிள்ளைகள் இரண்டு கொப்பி வைத்திருப்பார்கள். இந்தத் தொகையீடு முதலாம் தாள் கொப்பியில் கிடக்கும். இரண்டாம் தாள் கொப்பியைத் திறந்து எளிய இசை இயக்கத்துக்கு வரச் சொல்வேன். விற்சுருளில் கட்டிய ஒரு துணிக்கை x = 2-க்கும் x = 8-க்கும் இடையில் ஆடுகிறது என்று வையுங்கள். அதன் வேகம் v² = ω²(9 − (x − 5)²). காரணிப்படுத்துங்கள்: v² = ω²(x − 2)(8 − x). ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் நேரம் dx/v-யின் தொகையீடு. அதாவது அதே கணக்கு, ω-ஆல் வகுத்தது. நேரம் π/ω. வீச்சம் விடையில் இல்லை! சிறிதாக இழுத்து விட்டாலும் பெரிதாக இழுத்து விட்டாலும் அலைவு காலம் மாறாது என்று பாடமாக்கி வைத்திருக்கும் அந்த வரி, a-யும் b-யும் மறைந்த அதே வரிதான்.

துணிக்கை 2-இலிருந்து 3.5 வரை வர எவ்வளவு நேரம்? sin²θ = 1.5/6 = 1/4, ஆகவே θ = π/6, நேரம் π/(3ω). அங்கிருந்து நடு 5-க்கு வர? 5-இல் θ = π/4, மொத்தம் π/(2ω); கழித்தால் π/(6ω). ஒரே 1.5 தூரம், முனைக்கு அருகில் இருமடங்கு நேரம். வரைபு முனையில் வானத்துக்கு ஏறியதன் பொருள் இதுதான்: துணிக்கை அங்கே நின்று திரும்புகிறது, நேரம் அங்கே குவிகிறது. என்ன அழகு!

பிழை போகும் இடங்களும் உண்டு. x = 8 என்றால் sin²θ = 1; θ = π/2 என்று எடுக்காமல் 3π/2 என்று எடுத்தால் என்ன என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொகையிட்டால் 3π வரும், அது பிழை. வர்க்கமூலம் ஒருபோதும் மறையாகாது. உண்மையில் அது (b − a)|sinθ cosθ|. மட்டுக் குறியை வைத்துப் போனால் π, −π, π என்று மூன்று துண்டு வந்து கூட்டுத்தொகை மீண்டும் π ஆகும். θ-ஐ 0-க்கும் π/2-க்கும் இடையில் அடக்கி வைப்பதே சுகம், அதைத் தாளில் ஒரு வரியாக எழுதியும் விட வேண்டும்.

இரண்டாவது, குறி. (x − 2)(x − 8) என்று வந்து எல்லைகள் 9 முதல் 12 என்றால் இந்தப் பிரதியீடு உதவாது. போட்டுப் பார்த்தால் sin²θ = 7/6 என்று வரும்; அதுவே எச்சரிக்கை மணி. அங்கே x = 8 sec²θ − 2 tan²θ என்று போட வேண்டும்; x − 8 = 6 tan²θ, x − 2 = 6 sec²θ என்று மறுபடியும் வர்க்கங்கள் கிடைக்கும். மூலங்கள் அசிங்கமாக இருந்தால் நிறைவர்க்கமாக்கி x = 5 + 3 sinφ மாதிரிப் போவதே மேல். வர்க்கமூலத்துக்குள் இருபடி இல்லையென்றால் இந்த வித்தை பலிக்காது. எளிய ஊசலைப் பெரிய கோணத்துக்கு ஆட்டும்போது உள்ளே வருவது இருபடி அல்ல; அதனால்தான் அதன் அலைவு காலம் வீச்சத்தோடு கூடிப் போகிறது.

இன்றிரவே ஒரு தாள் எடுங்கள். 2 முதல் 8 வரை, கீழே அதே √((x − 2)(8 − x)), மேலே 1-க்குப் பதிலாக x. விடை 5π வர வேண்டும். வராவிட்டால் முதலில் எல்லைகளை மாற்றினீர்களா என்று பாருங்கள்.