விலை ஏறியதா, மேகம் இறங்கியதா?

விலை மேகத்துக்கு மேலே இருந்தால் ஏற்றம், கீழே இருந்தால் இறக்கம், உள்ளே இருந்தால் பொறுத்திரு. இச்சிமோகு சார்ட்டின் பாலபாடம் இதுதான். 2020 செப்டம்பரில் நிஃப்டியின் வார சார்ட் இந்தப் பாடத்தை வைத்தே ஒரு வேடிக்கை காட்டியது. 4-ஆம் தேதியோடு முடிந்த வாரத்தில் குறியீடு 11,334-இல், மேகத்துக்குக் கீழே நின்றது. அடுத்த வாரம் 11,464-இல், மேகத்துக்கு மேலே. அதுவும் ஏறக்குறைய ஆயிரம் புள்ளி உயரத்தில். விலை ஏறியதோ 130 புள்ளிதான். மற்றபடி மேகம்தான் கீழே விழுந்திருந்தது.

அது எப்படி விழும் என்று தெரிந்துகொள்ள அதன் கணக்கைப் பார்க்க வேண்டும். கோய்ச்சி ஹொசோடா என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர் வகுத்த இந்த முறையில் சராசரிக்கு இடமில்லை, எல்லாம் நடுப்புள்ளிகள். 9 வாரங்களின் உச்சத்தையும் தாழ்வையும் கூட்டி இரண்டால் வகுத்தால் டென்கன் கோடு. 26 வாரங்களுக்கு அதையே செய்தால் கிஜுன். இவ்விரண்டின் நடு, மேகத்தின் ஒரு விளிம்பு. 52 வாரங்களின் நடுப்புள்ளி மறு விளிம்பு. இரு விளிம்புகளையும் 26 வாரம் முன்னே தள்ளி வரைகிறார்கள். வார சார்ட்டில் 26, 52 என்ற எண்களுக்கு ஓர் இயல்பான பொருளும் கிடைக்கிறது: அரையாண்டு, ஓராண்டு.

முன்னே தள்ளுவதால் மேகம் எதிர்காலத்தைச் சொல்வதாக ஒரு மயக்கம் உண்டு. உண்மையில் இந்த வார விலைக்கு நேரே தெரியும் மேகம் அரையாண்டுக்கு முன்பே கணக்கிட்டு முடிந்தது. 2020 செப்டம்பர் 11 வாரத்துக்கு நேரே இருந்தது மார்ச் 13 வாரத்துக் கணக்கு. ஜனவரி உச்சம் 12,430. அந்த மார்ச் வாரத் தாழ்வு 8,555. 9 வாரம், 26 வாரம், 52 வாரம் என எதை எடுத்தாலும் அதே உச்சம், அதே தாழ்வு. ஆகவே எல்லா நடுப்புள்ளிகளும் 10,492-இல் குவிந்தன. மேகம் தடிமனே இல்லாத ஒரு கோடாகிவிட்டது. அதற்கு முந்தைய வாரத்தில் மேகம் 11,530-க்கும் 11,590-க்கும் இடையே இருந்தது. கொரோனா வீழ்ச்சியின் எதிரொலி ஆறு மாதம் கழித்து வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

சிக்னலின் தரத்தை எடைபோட மூன்று சாட்சிகளைக் கேட்பது வழக்கம்: விலை மேகத்தைத் தாண்டியதா, டென்கன் கிஜுனுக்கு மேலா, இன்றைய முடிவு விலையை 26 வாரம் பின்தள்ளி வரையும் சிக்கோ அன்றைய விலைக்கு மேலா. செப்டம்பரில் மூன்றும் ஆமென்றன. ஆனால் முதல் சாட்சியும் மூன்றாவதும் பேசியது மார்ச் மாதப் பள்ளத்தைப் பற்றித்தான். ஒரே ஆளை இரண்டு முறை கூண்டில் ஏற்றிவிட்டு இருவர் சொன்னார்கள் என்று தீர்ப்பு எழுத முடியாது. புதிய செய்தி வைத்திருந்தது டென்கன்-கிஜுன் ஜோடி மட்டுமே.

இன்னொரு வம்பும் இருக்கிறது. சில மென்பொருள்கள் நடப்பு வாரத்தையும் ஒன்றாக எண்ணி, மேகத்தை 25 வாரமே தள்ளுகின்றன. அங்கே ஆகஸ்ட் 28 வாரத்திலேயே விலை மேகத்துக்கு மேல் வந்துவிடும். ஒரு வார எண்ணிக்கை பிசகினால் தலைகீழாகும் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம்?

இத்தனைக்கும் நான் இந்த முறையைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. கிஜுன் தள்ளி வரையப்படுவதில்லை. அது இன்றைய கணக்கு. புதிய உச்சமோ தாழ்வோ வராதவரை, பழையவை 26 வாரக் கணக்கிலிருந்து விலகாதவரை, அது தட்டையாகக் கிடக்கும். அந்தத் தட்டைதான் ஆதரவும் தடையும் உருவாகும் இடம். 2020 ஜூனில் கிஜுன் 9,970-இல் படுத்திருந்தது: 12,430-க்கும் 7,511-க்கும் சரிபாதி. ஜூன் 12 அன்று நிஃப்டி வாரத்தை முடித்தது 9,972.90-இல். அதற்குப் பின் எந்த வாரமும் அந்த மட்டத்துக்குக் கீழே முடியவில்லை. பக்கத்திலேயே 10,000 என்ற முழு எண்ணும் இருந்ததால் புகழ் முழுவதையும் கிஜுனுக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் வீழ்ச்சியில் பாதியை மீட்ட சந்தை அந்த இடத்தில் தயங்கும் என்று அது பல வாரங்களுக்கு முன்பே காட்டியிருந்தது.

செப்டம்பர் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 24-ஆம் தேதி நிஃப்டி 10,790 வரை இறங்கியது. அப்போது மேகம் காட்டிய ‘ஆதரவு’ 9,950-ஐ ஒட்டி, இன்னும் 800 புள்ளிக்கும் கீழே. அங்கே ஸ்டாப்லாஸ் வைப்பதும் வைக்காமல் இருப்பதும் ஒன்றுதான். நவம்பரில் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டியது; மேகம் சொன்னது பலித்தது, சொன்ன காரணம்தான் தவறு. அடுத்த முறை வார சார்ட்டில் விலை மேகத்தை விட்டு மேலே வந்தால், 26 வாரம் இடப்பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே பெரும் பள்ளம் இருந்தால், மேகத்தை மறந்துவிட்டு கிஜுனைப் பாருங்கள்.