குதிக்காமல் நிற்பவனைப் பார்

அன்புள்ள செல்வம்,

கோயில் கொடை டோர்னமென்ட் முடிந்த கையோடு டீக்கடையில் எல்லோரும் சேர்ந்து ஒருவனைத் திட்டினீர்களே, அந்த மிடில் பிளாக்கருக்காகத்தான் இந்தக் கடிதம். "நெட்ல நின்னுக்கிட்டுத் தூங்குறான்" என்றாய் நீ. அவன் தூங்கவில்லை, காத்திருந்தான் என்றேன். சிரித்தாய். 'ஹைக்யூ' தொடரைப் பார்த்துவிட்டு வா, பேசலாம் என்றேன். "பொம்மைப் படத்தப் பாத்து வாலிபால் கத்துக்கணுமாக்கும்" என்று எழுந்து போய்விட்டாய். அலசலுக்கான இந்த இடத்தை இந்த வாரம் உனக்கே ஒதுக்கிவிட்டேன். படிக்காமல் தப்பிக்க முடியாது.

கதையைச் சொல்லப்போவதில்லை. யார் ஜெயித்தார்கள், யார் அழுதார்கள் எதுவும் வராது. முதல் பகுதியிலேயே தெரிந்துவிடுகிற அளவுக்கு மட்டும் சொல்கிறேன். ஹருய்ச்சி ஃபுருடாதே என்பவர் 2012 முதல் 2020 வரை ஜப்பானிய வாரப் பத்திரிகை ஒன்றில் வரைந்த சித்திரக் கதை இது. 45 தொகுதிகள். 2014-இல் அனிமேஷன் தொடராக வரத் தொடங்கியது. மியாகி என்ற வட்டாரத்தில், ஒருகாலத்தில் பேர் வாங்கி இப்போது மங்கிப்போன ஒரு பள்ளி அணி. உயரம் 160 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய ஒரு பையன், 2.43 மீட்டர் நெட்டுக்கு மேலே அடிக்க ஆசைப்படுகிறான். அவ்வளவுதான்.

இதைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் குள்ளப் பையனின் குதிப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் உன்னைப் பார்க்கச் சொல்வது அவனை இல்லை. அதே அணியில் கண்ணாடி போட்ட நெட்டைப் பையன் ஒருவன் இருக்கிறான். வாய்த்துடுக்கு. எதிலும் பிடிப்பில்லாதவன் மாதிரி நடந்துகொள்வான். மிடில் பிளாக்கர். நீ முதலில் பார்த்ததும் "சோம்பேறிப் பய" என்பாய், எனக்குத் தெரியும். அவன் எடுக்கிற முடிவு ஒன்றே ஒன்றுதான்: எப்போது குதிப்பது. இந்தத் தொடரின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

நீ ஆடிய ஆள், உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு பந்தைப் பிரித்துப் பார்ப்போம். எதிரணிக்குப் பாஸ் அருமையாக விழுந்துவிட்டது. பந்து நெட்டுக்குப் பக்கத்தில், செட்டரின் நெற்றிக்கு மேல் இறங்குகிறது. அவர்கள் மிடில் நடுவில் ஓடிவந்து ஏறுகிறான். இடது ஓரத்தில் ஒருவன் தயார். பின்வரிசையிலிருந்தும் ஒருவன் வருகிறான். நம் மிடில் பிளாக்கர் நடுவில் நிற்கிறான். குயிக் என்றால் செட்டர் கையை விட்ட பந்து அரை விநாடிக்குள் அடிபட்டுவிடும். ஓரத்துக்கு உயரமாகத் தூக்கினால் ஒரு விநாடிக்கு மேல் ஆகும். ஒன்பது மீட்டர் அகலக் களத்தில் நடுவிலிருந்து ஓரம்வரை நாலரை மீட்டர். இரண்டு மூன்று எட்டு வைத்துப் போய்க் குதிக்கலாம், ஆனால் ஏற்கெனவே குதித்திருக்கக் கூடாது.

இங்கேதான் இரண்டு வழி. எதிரணி மிடில் ஏறும்போதே கூட ஏறிவிடுவது ஒன்று. ஊகம் சரியென்றால் குயிக் அப்படியே அவன் காலடியில் விழும், மைதானம் அதிரும். தப்பினால், இவன் காற்றில் தொங்கிக்கொண்டிருக்க, ஓரத்தில் ஒற்றை ஆள் பிளாக்குக்கு எதிராக அவர்கள் ஆள் நிதானமாக இடம் பார்த்து அடிப்பான். இரண்டாவது வழி, பந்து செட்டரின் விரலை விட்டுப் பிரிகிறவரை காலைத் தரையில் வைத்திருப்பது. பந்து போன திசையைப் பார்த்த பிறகுதான் நகர்வது. இப்படி ஆடுகிறவன் நல்ல குயிக்குக்குத் தாமதமாகத்தான் ஏறுவான். அது அவன் தெரிந்தே கொடுக்கிற விலை. அதற்குப் பதிலாக மற்ற எல்லாத் தாக்குதலுக்கும் இரண்டு ஜோடிக் கை எழும்பும்.

கேலரியில் இருப்பவனுக்குத் தெரிவதோ அந்தத் தாமதம் மட்டும்தான். குயிக் ஒன்று விழுந்ததும் "தூங்குறான்" என்று சத்தம் போடுகிறான். அடுத்த நாலு பந்தில் ஓர ஆட்டக்காரனுக்கு நேர்க்கோடு அடைபட்டு, வேறு வழியில்லாமல் குறுக்கே அடித்து, அது நேராக லிபரோவின் கையில் போய் விழுந்தபோது லிபரோவுக்குக் கைதட்டுகிறான். லிபரோ அங்கே ஏன் நின்றான்? பிளாக் எந்தக் கோட்டை மூடும், எதைத் திறந்துவிடும் என்று முன்கூட்டியே பேசிவைத்ததால் நின்றான். பந்தைக் கீழே சாய்ப்பது பிளாக்கரின் வேலையில் பாதிதான். அடிப்பவனை நமக்கு வேண்டிய இடத்தில் அடிக்கவைப்பது மீதிப் பாதி.

விரல் நுனியில் பந்தை வாங்குவதும் அதே கணக்குத்தான். பந்து பிளாக்கரின் விரலில் உரசிப் பின்னால் மேலெழும்புகிறது. பாயிண்ட் இல்லை, கைதட்டல் இல்லை. ஆனால் பிளாக்கில் பட்டதை விதி மூன்று தொடுகையில் ஒன்றாகக் கணக்கில் எடுப்பதில்லை. வேகம் செத்துப்போன பந்தை வைத்துக்கொண்டு முழுசாக மூன்று தொடுகை கிடைக்கிறது. எதிரணியின் ஆகச் சிறந்த அடி, நமக்குச் சாதகமான எளிய பந்தாக மாறிவிட்டது. இதைத் தொடர் ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பக் காட்டுகிறது. பெரிய அடியை அடித்தவனின் முகத்தில், பந்து தரையைத் தொடவில்லை என்று தெரிகிற நொடியில் வருகிற எரிச்சலையும் காட்டுகிறது. நம்மூர் நேரடி ஒளிபரப்பில் கேமரா எப்போதும் அடித்தவன் பின்னாலேயே போகும். இந்த முகத்தை நீ பார்த்திருக்கவே மாட்டாய்.

அனிமேஷனின் வசதியே இதுதான். அந்த அரை விநாடியை நிறுத்தி, பிளாக்கரின் கண் எங்கே போகிறது என்று காட்ட முடிகிறது. முதலில் பாஸ், பிறகு செட்டரின் கை, அப்புறம்தான் அடிப்பவன். அடுத்த தடவை அந்தக் கண்ணாடிப் பையன் நெட்டில் நிற்கும்போது அவன் கையைப் பார்க்காதே, பாதத்தைப் பார். எதிரணி மிடில் ஏறிய பிறகும் இவன் குதிகால் தரையில் இருந்தால் அவன் காத்திருக்கிறான். முன்னாலேயே எழும்பினால் ஊகித்துவிட்டான் அல்லது சொல்லிவைத்து ஆடுகிறார்கள். இந்த ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு பார்த்தால், அவன் எப்போது மாறுகிறான், ஏன் மாறுகிறான் என்பது வசனமே இல்லாமல் புரியும். அதற்கு மேல் சொன்னால் கதையைக் கெடுத்தவன் ஆவேன்.

நீ குறை பிடிப்பாய். பிடி. பந்து காற்றில் இருக்கும்போதே ஆளுக்கொரு பக்கம் மனசுக்குள் பேசுவார்கள். குள்ளப் பையன் குதிக்கிற உயரம் கொஞ்சம் கூடுதல்தான். ஆரம்பப் பகுதிகளில் கத்தல் அதிகம். ஆனால் ஆட்டத்தின் விதியைக் கதைக்காக வளைப்பது குறைவு. ஒரு சாட்சி: அந்தக் குள்ளப் பையனும் மிடில்தான். அதனால் சுழற்சியில் பின்வரிசைக்குப் போனதும், தன் சர்வீஸ் முறை முடிந்தபின், லிபரோ உள்ளே வர, கதாநாயகன் வெளியே போய் நிற்கிறான். லிபரோ என்ற இடம் 1998-இல் சர்வதேச விதியில் வந்ததிலிருந்து உலகம் முழுக்க மிடில்களுக்கு இதுதான் நடைமுறை. முக்கியமான கட்டத்தில் நாயகனைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தித் தவிக்கவிடத் துணிந்த கதையை நம் சினிமாவில் எங்கே பார்த்தாய்?

எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் பருவம் 25 பகுதி, இரண்டாவதும் 25. வரிசை மாற்றாதே. பகுதிகளின் தலைப்பைப் படிக்காதே, சில தலைப்புகளே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த பகுதிக்கான முன்னோட்டம் வந்தால் நிறுத்திவிடு. மூன்றாம் பருவத்தின் 10 பகுதிகளும் ஒரே ஆட்டம். யாரோடு, எதற்காக என்று கேட்காதே. அங்கே போய்ச் சேரும்வரை இணையத்தில் தொடரின் பெயரைத் தேடவே தேடாதே. உன் மகன் ஏற்கெனவே பார்த்திருப்பான், அவனிடமும் வாயைக் கொடுக்காதே.

இனி என் ஆரூடம். முதல் இரண்டு மூன்று பகுதியில் எனக்கு போன் போட்டு "என்னப்பா இது, ஒரே கூச்சல்" என்பாய். முதல் பயிற்சி ஆட்டம் வரும்வரை பொறு. அதற்குப் பிறகு குள்ளப் பையனின் ரசிகன் ஆவாய். இரண்டாம் பருவத்தின் நடுவில் கண்ணாடிக்காரனைத் திட்டிக்கொண்டே அவனையே தேடுவாய். மூன்றாம் பருவத்தில் போனே வராது.

ஆட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்லி வைக்கிறேன். ஜம்ப் சர்வீஸின் வேகம் கூடக்கூட அருமையான பாஸ் குறையும். பாஸ் நெட்டை விட்டு விலகினால் குயிக் கிடைக்காது, செட்டர் ஓரத்துக்கோ பின்வரிசைக்கோதான் தூக்கியாக வேண்டும். அப்போது முன்கூட்டியே எழும்புகிற பிளாக்கர் வெறும் காற்றைப் பிடிப்பான், காத்திருக்கிறவன் பந்தைப் பிடிப்பான். நம் மாவட்ட அணிகளும் இன்னும் சில வருஷத்தில் இந்தப் பக்கம் வரும். தெருவுக்குத் தெரு நல்ல சர்வீஸ் போடும் பையன்கள் வந்துவிட்டார்கள், வேறு வழியில்லை.

நீங்கள் திட்டின அந்தப் பையனையும் சேர்த்தே சொல்கிறேன். அடுத்த கொடைக்கு அவனை அணியிலிருந்து எடுக்கச் சொல்லி நீதான் முதலில் குரல் கொடுத்தாய். 60 பகுதியையும் பார்த்து முடித்த பிறகு, அவனை எடுக்கக் கூடாது என்று கமிட்டியிடம் சண்டை போடப்போவதும் நீதான். டீக்காசு பந்தயம்.

அன்புடன்,
உன் அலசல்காரன்