பெரிய எழுத்து இல்லாத மொழியில் ஒரு திரைக்கதை

நண்பன் ஒருவன் குறும்படத்துக்காக எழுதிய ஆறு பக்கத்தை அனுப்பியிருந்தான். தோவாளை பூச்சந்தையில் நடக்கும் கதை. மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் வழக்கம்போலப் பூ வாங்க வருகிறார். படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. அதே பக்கங்களைப் படித்த ஒளிப்பதிவாளர் கேட்டது ஒன்றுதான்: “நல்லா இருக்கு. இதுல நான் எதை எடுக்கணும்?”

நண்பனுக்குக் கோபம். “ஃபார்மட் எல்லாம் ஹாலிவுட்காரன் சமாச்சாரம். நம்ம ஆளுங்க நோட்டுல எழுதியே படம் எடுக்கலியா?” என்றான். இலக்கியம் வாசிக்கும் நம்மில் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. நாம் பார்த்திருக்கும் தமிழ்த் திரைக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் படம் வெளியான பிறகு வாசகருக்காக அச்சானவை. படப்பிடிப்புக்கு முன் மேசையில் கிடக்கும் தாளுக்கு வேறு வேலை. அதன் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு ஆளுக்கு எழுதப்படுவது.

முதலில் காட்சித் தலைப்பு. உள்ளா வெளியா, எந்த இடம், எந்த நேரம். மூன்றே விவரம், ஒரே வரி. இதை வைத்துத்தான் உதவி இயக்குநர் காட்சிகளை இடவாரியாகப் பிரித்துப் படப்பிடிப்பு நாட்களைப் போடுவார். நண்பன் ஓரிடத்தில் ‘தோவாளை பூச்சந்தை’ என்றும், அடுத்து ‘பூ மார்க்கெட்’ என்றும், கடைசியில் ‘சந்தை’ என்றும் எழுதியிருந்தான். கதையில் சொல் திரும்ப வரக்கூடாது என்று பழகிய கை. பட்டியல் போடுபவருக்கு அது மூன்று இடம். நிரலில் ஒரே மாறிக்கு மூன்று பெயர் வைத்தால் என்ன ஆகுமோ அதேதான்.

நேரமும் அப்படித்தான். ‘அதிகாலை’ என்று எழுதுவது எளிது. ஆனால் நம்ம பக்கம் வானம் வெளுக்கத் தொடங்கிச் சூரியன் எழும்வரை அந்த நீல வெளிச்சம் சுமார் 20 நிமிடம்தான் கிடைக்கும். நான்கு பக்க உரையாடலை அதற்குள் எடுக்க முடியாது. ‘இரவு’ என்று மாற்றினால் சந்தையின் விளக்கு வெளிச்சத்திலேயே எடுத்துவிடலாம். அந்த ஒரு சொல் படப்பிடிப்பில் மூன்று நாளை ஒரு நாளாக்கும்.

அடுத்தது செயல் வரி. கேமரா பார்ப்பதும் மைக் கேட்பதும் மட்டும், நிகழ்காலத்தில். நண்பன் எழுதியது இது: “போன மாதம் இறந்த மனைவியை நினைத்து மனம் கனத்தவராக மணி பூ வாங்குகிறார்.” சிறுகதைக்கு இந்த வரி பொருந்தும். ஆனால் ‘போன மாதம்’ என்பதைக் கேமரா எப்படிப் பார்க்கும்? நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977) நாவலில், வசதியான வீட்டில் பெண் எடுத்தவனின் அவமானத்தை எழுத்து அவன் மனதுக்குள் போய்ச் சொல்லிவிடலாம். அதையே தங்கர் பச்சான் ‘சொல்ல மறந்த கதை’ (2002) என்று படமாக்கியபோது, அந்த அவமானம் ஒருவர் முகத்திலோ பேச்சிலோ கையிலோ தெரிந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது.

நானும் அவனும் உட்கார்ந்து அந்தக் காட்சியைத் திரும்ப எழுதினோம். ஃபவுண்டன் என்ற எளிய எழுத்துமுறையில். 2012இல் வந்தது இது. சாதாரண உரைக் கோப்பில் எழுதினால் போதும், மென்பொருள் அதைத் திரைக்கதை வடிவத்துக்கு மாற்றிவிடும்.

```
.வெளி. தோவாளை பூச்சந்தை - இரவு

மணி (65) பிச்சிப்பூக் குவியல் முன் நிற்கிறார்.

@மணி
பிச்சி நூறு கிராம் போடு மக்கா.

வியாபாரி கேட்காமலே இருநூறு அள்ளித் தராசில் வைக்கிறான்.

@வியாபாரி
எப்பவும் இருநூறுல்லா வாங்குவிய அண்ணாச்சி?

மணி தராசிலிருந்து பாதியைக் குவியலில் திரும்பப் போடுகிறார்.

@மணி
இனி நூறு போதும்.
```

மரணம் பற்றி ஒரு சொல் இல்லை. சாமிக்கு நூறு, வீட்டுக்காரிக்கு நூறு என்ற கணக்கு பார்ப்பவர் மனதில் தானாக விழும்.

இதில் அந்தப் புள்ளியும் @ குறியும் எதற்கு? ஹாலிவுட் வடிவம் பெரிய எழுத்துகளின் மேல் கட்டப்பட்டது. காட்சித் தலைப்பும் பேசுபவர் பெயரும் பெரிய எழுத்தில் வரும், கண் சட்டென்று பிரித்துவிடும். ஃபவுண்டனும் அதை வைத்தே ஊகிக்கிறது: முன்னால் ஒரு வெற்று வரி, பிறகு முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு வரி, உடனே அடுத்த வரி என்றால், அது பாத்திரத்தின் பெயர். தமிழில் பெரிய எழுத்தே இல்லை. ஆகவே சில கருவிகள் நம் பாத்திரப் பெயரைச் செயல் வரி என்று நினைக்கும். ‘பெரிய எழுத்தாக மாற்றினால் வரி மாறுகிறதா’ என்று மட்டும் சோதிக்கும் கருவிக்கோ எந்தத் தமிழ் வரியும் மாறாது. அது இரண்டு வரிச் செயல் விவரிப்பை வசனமாக நடுவில் தள்ளிவிடும். தலைப்புக்குப் புள்ளி, பெயருக்கு @, சிக்கலான செயல் வரிக்கு `!` என்று முன்னால் போட்டால் குழப்பம் தீரும். காகிதத்தில் எழுதுபவர் தலைப்பைத் தடித்த எழுத்தில் போடலாம். வேறுபாடு தெரிந்தால் போதும், பெரிய எழுத்து கட்டாயமில்லை.

வசனத்தில் எங்களுக்கு நடந்த சண்டை வட்டார வழக்கைப் பற்றியது. காதில் விழும் ஒவ்வொரு ஒலியையும் எழுத்தாக்கினால் வெளியூர் நடிகர் வரியைப் படிக்கவே திணறுவார். கடைசியில் ‘-ல்லா’, ‘வாங்குவிய’, ‘மக்கா’ போல ஊரைக் காட்டும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சாதாரணப் பேச்சுத் தமிழில் விட்டோம்.

அடைப்புக்குறிதான் நண்பன் அதிகம் விரும்பியது. கடைசி வரிக்கு மேலே (மிகுந்த சோகத்துடன்) என்று இருந்தது. பூவைத் திரும்பப் போடும் கை அதை ஏற்கெனவே சொல்லிவிட்டது. மேலே சோகத்தையும் எழுதினால் நடிகர் குரலை உடைப்பார், காட்சி கெடும். சோதிக்க எளிய வழி: அடைப்பை எடுத்துவிட்டுப் படியுங்கள். பொருள் மாறவில்லை என்றால் அது தேவையில்லை. மாறும் இடமும் உண்டு. இன்னொரு காட்சியில் பெரியவர் பேரனிடம் “போலே” என்கிறார். நம்மூரில் அது திட்டாகவும் இருக்கும், கொஞ்சலாகவும் இருக்கும். சென்னை நடிகருக்கு அது தெரியாது. அங்கே (சிரித்து) என்ற ஒற்றைச் சொல்லை விட்டுவைத்தோம்.

மிச்சம் இருந்தது நீளம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கணக்கு 12 புள்ளி கூரியர் எழுத்துருவுக்கும், வசனத்தை நடுவில் ஒடுக்கி வைக்கும் ஓரங்களுக்கும் உரியது. கூரியரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். தமிழில் ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே அகலத்தில் அடங்காது. நண்பனின் ஆறு பக்கம் தாளின் முழு அகலத்துக்கும் நிரப்பி எழுதியது. ஆறு நிமிடம் வரும் என்று நம்பியிருந்தான். மௌனங்களுக்கும் நடைக்கும் இடம் விட்டு உரக்கப் படித்து, கைப்பேசியில் நேரம் பார்த்தோம். பதின்மூன்று நிமிடம். அனுப்ப நினைத்த போட்டியின் வரம்பு பத்து.

எதை வெட்டுவது? இப்போது அது எளிதாக இருந்தது. மனைவியின் படத்துக்கு முன் பெரியவர் தனியாகப் பேசும் மூன்று நிமிடக் காட்சி ஒன்று இருந்தது. நண்பன் அதைத்தான் முதலில் எழுதியிருந்தான், அதற்காகவே கதையை எழுதியவன். தராசுக் காட்சியை இன்னொரு முறை படித்துப் பார்த்தான். பிறகு அவனே அதை அடித்தான்.