இழைக்கோல மாவின் பக்குவம்

தூத்துக்குடியில் எங்கள் இல்லத்தில், விசேஷ தினங்களுக்கு முந்தைய மாலையில், இரண்டு மணி நேரம் ஊறிய பச்சரிசியை ஆட்டுரலில் இட்டு, விரலிடையே நெருடாதபடி வெண்ணெய்போல் அரைத்து, நீர்விட்டுக் கரைத்து, ஒரு துளியைத் தரையில் இட்டுப் பரீட்சித்த பின்னரே என் பாட்டி கோலத்துக்கு அமர்வாள். துளி பரந்து ஓடினால் உலர்ந்தபின் இழை மங்கிவிடும். குவிந்து நின்றால் வெடித்து உதிரும். இட்ட இடத்தில் மெல்லப் படிந்து நிற்பதே பக்குவம். சிறு வெள்ளைத் துணியை மாவில் தோய்த்து, விரல்களுக்குள் அடக்கி, பெருவிரலால் அவள் சீராக அழுத்த, மோதிர விரலின் நுனிவழியே இழை இடையறாது இறங்கும். தூரிகையோ அடிக்கடி தோய்க்கப்படுவதால் இழையில் ஒட்டுகளை உண்டாக்கும். ஈரத்தில் மங்கலாய்த் தோன்றும் அவ்விழைகள், கடற்காற்றின் ஈரத்தால் தாமதித்தே உலர்ந்து, விடியலில் எங்கள் கடல் தந்த முத்தின் வெண்மையுடன் பிரகாசிக்கும்.